காட்சி ஆறு, டேக் நான்கு

அந்த ஸ்கிரிப்ட் மொத்தம் ஏழு பக்கம். இடது பத்தியில் படம், வலது பத்தியில் குரல், ஓரத்தில் வினாடிக் கணக்கு. ஒன்பது காட்சிகள். ஆறாவது காட்சிக்குக் கீழே கட்டம் போட்டு நான் எழுதியிருந்த வரி இது: "திரையில் சோதனைத் தளம் மட்டுமே. லைவ் தளம் கூடாது." இருபத்து நாலு வருடமாக மென்பொருள் வேலை பார்க்கிறேன். இவ்வளவு தெளிவான வரியை வேறெங்கும் நான் எழுதியதாக நினைவில்லை. அந்த வரியைக் காட்டித்தான் ஒரு பெண்ணை வேலையிலிருந்து துரத்தப் பார்த்தார்கள்.

எங்கள் அலுவலகம் திண்டுக்கல்லில், திருச்சி சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. தலைமையகம் சென்னையில். இங்கே முப்பத்தோரு பேர். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கான மென்பொருளைச் செய்து பராமரிப்பது எங்கள் வேலை. நீங்கள் ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு உங்கள் கைப்பேசிக்கு ரிப்போர்ட் வருகிறதே, அந்த வேலை. நிஜமான நோயாளிகளின் விவரம் ஓடுவது லைவ் தளம். அதே போல இன்னொன்றை உருவாக்கி, பொய்ப் பெயர்களைப் போட்டு நாங்கள் முட்டி மோதிப் பார்ப்பது சோதனைத் தளம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது இந்த வேலையில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது.

பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஆள் எடுக்க ஒரு வீடியோ வேண்டும் என்று சென்னையிலிருந்து சொல்லியிருந்தார்கள். ஒரு மென்பொருள் பொறியாளரின் ஒரு நாள். காலையில் கிளம்புவது, பஸ், மேசை, சாப்பாடு, திரும்புவது, கடைசியில் மனதைத் தொடுகிற மாதிரி நாலு வார்த்தை. மூன்று நிமிடம். அதோடு கைப்பேசியில் பார்க்க நெடுக்குவாட்டில் முப்பது வினாடித் துண்டு ஒன்று. மேலாளர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"டைரி எழுதுற ஆளு நீங்கதான மேடம். நீங்களே எழுதிக் குடுத்துருங்க. உள்ளது உள்ளபடி இருக்கணும். அந்த பீன்பேக், பிங்பாங்கெல்லாம் வேணாம்."

"நம்மகிட்ட அது இல்லவும் இல்லையே சார்."

"அதான் சொல்றேன். அதான் நம்ம ஸ்பெஷல்."

அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் சந்தோஷமாக இருந்தது. நான் நாற்பத்தேழு வயதுக்காரி. தினமும் காலை ஆறு மணிக்கு முந்தைய நாளை எழுதிவைக்கிற பழக்கம் உள்ளவள். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எழுதிய நிரலைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கிற பில்ட் எத்தனை முறை விழுந்தது, யார் என்ன சொன்னார்கள். இப்படி எழுதுவதை வீட்டில் கேலி செய்வார்கள். அலுவலகத்தில் அதற்கு ஒரு உபயோகம் கிடைத்ததே என்று நினைத்தேன்.

வீடியோவில் நடிக்க எங்கள் குழுவிலிருந்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது இருபத்தாறு. கன்னிவாடி. அப்பா அம்மா மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக எங்களோடு இருக்கிறாள். லைவில் ஏதாவது நின்றுபோனால் முதலில் பார்க்கிற முறை மாதத்தில் ஒரு வாரம் அவளுக்கு வரும். அதனால் லைவ் தளத்தைப் படித்துப் பார்க்கிற அனுமதி அவளுடைய கணக்குக்கு உண்டு. இதை நினைவில் வையுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் அவளோடு ஒரு முழு நாள் சுற்றினேன். காலை ஆறே முக்காலுக்குக் கன்னிவாடி பஸ் நிறுத்தத்தில் நோட்டும் கையுமாக நின்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா, ஆடிட் பண்ண வந்த மாதிரி நிக்கிறீங்க?"

"நீ பாட்டுக்கு வா. நான் இல்லன்னு நெனச்சுக்கோ."

"இம்புட்டுப் பெரிய நோட்ட வச்சிக்கிட்டு இல்லன்னு நெனைக்கணுமாக்கும்."

ரெட்டியார்சத்திரம் வரைக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. டிபன் பையைக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் கைப்பேசியில் நேற்று ராத்திரி யாரோ எழுதி அனுப்பிய நிரலை அவள் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூ மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கு. எழுதிக்கொண்டேன். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் நின்றபடி நேற்று என்ன, இன்று என்ன என்று சொல்லும் கூட்டம், ஒன்பது நிமிடம். அதன் பிறகு ஒரு பிழை. ஒரு நிலையத்தில் ரிப்போர்ட் இரண்டு முறை போகிறது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று மணி நேரம் ஆனது. அதில் தட்டச்சு செய்தது பதினோரு நிமிடம். மீதி நேரம் படித்தாள், யோசித்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி படித்தாள். இந்த வேலையைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாத உண்மை இதுதான். இதையும் ஸ்கிரிப்டில் போட்டேன்: காட்சி நான்கு, தட்டச்சு இல்லை, அவள் திரையைப் பார்க்கிறாள், எட்டு வினாடி.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. இந்த வேலையில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். முடிவுக்கு ஒரு வரி வேண்டியிருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க வீட்ல ஒரு குடம் ஒடஞ்சா முதல்ல யாரு ஒடச்சதுன்னுதான்க்கா கேப்பாங்க. இங்க அப்டி இல்ல. சிஸ்டம் விழுந்தா எங்க விழுந்துச்சுன்னு கேக்குறோம். யாருன்னு கேக்குறதில்ல. அது எனக்குப் பிடிக்கும்."

எங்கள் வேலையில் நிஜமாகவே அப்படி ஒரு முறை இருக்கிறது. ஏதாவது நின்றுபோனால் மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து, நடந்ததை மணி வாரியாக எழுதுவோம். அதில் ஆள் பெயர் வரக் கூடாது. எந்த இடத்தில் தடுப்பு இல்லாமல் போனது என்பதுதான் வர வேண்டும். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் ஒன்பதாவது காட்சிக்கு எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும் எனக்கே நெகிழ்ச்சியாக இருந்தது.

படப்பிடிப்பு ஒரு புதன்கிழமை. படம் எடுத்தவர் தாடிக்கொம்பு சாலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கல்யாண வீடியோக்காரர். நல்ல மனிதர். கையில் சுறுசுறுப்பு, வாயில் ஓயாத பேச்சு. பஸ் காட்சியை முந்தின நாளே எடுத்துவிட்டோம். "படம் எடுக்குறதுக்கு முன்னாடி டிக்கெட்ட எடுங்கப்பா" என்று கண்டக்டர் எங்களை விரட்டியதும் அதில் பதிவாகியிருந்தது.

மேசைக் காட்சிகளில்தான் வினை வந்தது. நாலாவது காட்சியில் அவள் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, வீடியோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அக்கா, பொண்ணு பார்க்க வந்த வீட்ல உக்காந்த மாதிரி உக்காந்துருக்கு. எதாச்சும் அடிக்கச் சொல்லுங்க."

"அடிக்க மாட்டா. அவ யோசிக்கிறா."

"யோசிக்கிறது கேமராவுல தெரியாதுக்கா."

அதை விட்டுக்கொடுக்கவில்லை. எட்டு வினாடி எடுக்க வைத்தேன். அதில் காட்டிய பிடிவாதத்தை ஆறாவது காட்சியில் காட்டியிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.

ஆறாவது காட்சி லாக். சர்வர் தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் நேரம் போட்டு வரி வரியாக எழுதிக்கொண்டே போகும், அதுதான் லாக். ஒரு விதத்தில் அது சர்வரின் டைரி. கறுப்புத் திரையில் எழுத்து ஓடுவது பார்க்க நன்றாக இருக்கும் என்பதால் அதைச் சேர்த்திருந்தேன். சோதனைத் தளத்தின் லாக். முதல் மூன்று டேக்கும் அதில்தான் எடுத்தோம். ஆனால் சோதனைத் தளத்தில் அந்த நேரத்தில் யாரும் வேலை செய்யவில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு வரி வந்தது. வந்த வரியிலும் நோயாளியின் பெயர் என்ற இடத்தில் "டெஸ்ட் டெஸ்ட்", "ஏஏஏஏ", "குப்புசாமி 123". நாங்கள் எல்லோரும் சோம்பேறித்தனமாக அடித்துவைத்த பெயர்கள். மேலாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் சுருங்கியது. காலேஜ் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றார். பிறகு நடந்ததை அப்புறம் சொல்கிறேன். நாலாவது டேக்கில் திரையில் எழுத்து அருவி மாதிரி ஓடியது. அது லைவ் தளத்தின் லாக்.

லாக்கில் நோயாளியின் முழுப் பெயர் வரவே கூடாது. மறைத்து எழுத வேண்டும் என்று இரண்டு வருடம் முன்பே நான் வேலைப் பட்டியலில் போட்டிருந்தேன். அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஆக அந்தப் பத்து வினாடியில் நிஜமான மனிதர்களின் பெயரும், கைப்பேசி எண்ணும், என்ன பரிசோதனை என்பதும் தெளிவாகப் பதிவாயின. வீடியோக்காரரின் கேமரா அவ்வளவு துல்லியம்.

மூன்று நிமிட வீடியோவில் வீடியோக்காரர் படப்பிடிப்பில் ஒப்புக்கொண்டபடியே திரையைப் பிளர் செய்து கலங்கலாக்கியிருந்தார். நானே வினாடி வினாடியாக நிறுத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஆனால் நெடுக்குவாட்டுத் துண்டை அவர் அந்த வீடியோவிலிருந்து வெட்டவில்லை. கேமராவிலிருந்து வந்த அசல் கிளிப்புகளைத் தனியாக அடுக்கி வெட்டியிருக்கிறார். கலங்கல் அசலில் கிடையாது, எடிட்டில்தான் உண்டு. அந்தத் துண்டை எனக்கு அனுப்பவே இல்லை. மேலாளர் கைப்பேசியில் ஒரு முறை பார்த்து "சூப்பர்" என்று பதில் போட்டு, அடுத்த திங்கட்கிழமை வெளியிட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை ஒரு பரிசோதனை நிலையத்தின் உரிமையாளர் போன் செய்தார். ஒரு பெண்ணின் நாத்தனார் அந்தத் துண்டைப் பார்த்து, நிறுத்தி, பெரிதாக்கிப் படித்திருக்கிறாள். அந்தப் பெண் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒரு பரிசோதனை செய்துகொண்டிருந்தாள். அது என்ன பரிசோதனை என்று இங்கே எழுத மாட்டேன். என் டைரியிலும் எழுதவில்லை. நிலையத்துக்கே வந்து அழுதாளாம். அவள் கேட்டது ஒரே கேள்வி: "அத எத்தன பேரு பாத்தாங்க?" எங்களிடம் அந்த எண் இருந்தது. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அன்று மதியத்துக்குள் துண்டை நீக்கினார்கள். மாலையில் மேலாளர் வந்தார்.

"மேடம், உங்க ஸ்கிரிப்ட் ஃபைனல் காப்பி ஒண்ணு பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஹெட் ஆபீஸ்ல கேக்குறாங்க."

எடுத்தேன். ஏழு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். பக்க எண் சரியா என்று பார்த்து, இடது மூலையில் பின் அடித்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. என்ன தவறு நடந்தது என்று மணி வாரியாக எழுதப் போகிறார்கள், அதற்காக இருக்கும் என்று நினைத்தேன். முட்டாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு, வீடியோவில் நடித்த எங்கள் குழுப் பெண் என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கைப்பேசியை நீட்டினாள். மனிதவளத் துறையிலிருந்து வந்த கடிதம். எழுத்தில் உள்ள அறிவுறுத்தலை மீறி, தன் கணக்கில் லைவ் தளத்தைத் திறந்து, நோயாளிகளின் விவரம் வெளியே போகக் காரணமாக இருந்தாளாம். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ அழைப்பில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தி இல்லாவிட்டால் பணிநீக்கம். இணைப்பு ஒன்று, அவள் கணக்கு பதினொன்று நாற்பத்திரண்டுக்கு லைவ் லாக்கைத் திறந்த பதிவு. இணைப்பு இரண்டு, என் ஸ்கிரிப்டின் ஐந்தாம் பக்கம். என் கட்டம். என் கையெழுத்து.

"அக்கா, நீங்க இத அனுப்புனீங்களா?"

"கேட்டாரு. குடுத்தேன். எதுக்குன்னு தெரியாதுடி."

"இந்தக் காரணத்தப் போட்டு அனுப்பிட்டா வேற எந்தக் கம்பெனியும் சேர்த்துக்காதுக்கா. பேஷன்ட் டேட்டாவ வெளிய விட்டவன்னு எழுதிருவாங்க." அழவில்லை. கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நானாவா தொறந்தேன்? நீங்களும் அங்கதான நின்னீங்க?"

அங்கேதான் நின்றேன். ஸ்கிரிப்ட் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, டேக் எண் எழுதிக்கொண்டு நின்றேன்.

நேராக மேலாளர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"லைவ்ல போடச் சொன்னது நீங்க சார்."

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் எழுத்துல சொல்லலயே மேடம். எழுத்துல இருக்குறது உங்களுது. அது டெஸ்ட்னுதான் சொல்லுது. அனுபவம் உள்ள பொண்ணு. அதுக்குத் தெரிய வேணாமா?"

"சொன்னது ரூம்ல இருந்த நாலு பேருக்கும் தெரியும்."

"அப்ப அன்னைக்கே நீங்க தடுத்துருக்கணும்ல?" இப்போதுதான் நிமிர்ந்தார். "யாராச்சும் ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கிட்டாத்தான் மேடம் கஸ்டமர் அடங்குவாரு. சின்னப் பொண்ணு, வேற எங்கயாச்சும் போயிக்கும். நீங்க நடுவுல வராதீங்க."

மேசைக்கு வந்து, படப்பிடிப்பு நடந்த மறுநாள் காலை எழுதிய டைரிப் பக்கத்தைப் புரட்டினேன். தெளிவாக எழுதியிருந்தேன்: "காட்சி 6, டேக் 4. மேலாளர் லைவ் லாக் போடச் சொன்னார். நான் ஸ்கிரிப்டைக் காட்டி ஆட்சேபித்தேன். பிளர் செய்வதாக உறுதி சொன்னதால் ஒப்புக்கொண்டேன்." இதைக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒரு நடுவயதுக்காரியின் டைரி. மேலாளர் அது பின்னால் எழுதிச் சேர்த்தது என்பார். அவருடைய வார்த்தைக்கு எதிராக என் வார்த்தை.

டைரியை மூடும்போதுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது. டேக் எண்ணுக்குப் பக்கத்தில் கேமராவின் கோப்பு எண்ணையும் எழுதியிருந்தேன். ஒவ்வொரு டேக்குக்கும் எழுதுவது என் பழக்கம்.

மேசைக் காட்சிகளுக்குச் சத்தம் கிடையாது. மேலே இசை போட்டுவிடுவார்கள். அதனால் யாருக்கும் சட்டையில் மைக் மாட்டவில்லை. மேலாளரும் அதனால்தான் கவலையில்லாமல் இருந்தார். ஆனால் மைக் மாட்டாவிட்டாலும் கேமரா தன் சொந்த மைக்கில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டே இருக்கும். அப்புறம் எடிட்டில் அந்தச் சத்தத்தை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். வீடியோக்காரருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, ஆறாவது காட்சி அசல் கிளிப் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்க்கா. அதான் உங்க ஆபீஸ் ஃபோல்டர்லயும் ஏத்தி விட்டேனே. நீங்கதான எல்லா டேக்கும் வேணும்னு லிஸ்ட் குடுத்தீங்க." கொஞ்சம் தயங்கினார். "அக்கா, அந்தச் சின்ன வீடியோ என் தப்புதான். அசல்ல இருந்து வெட்டுனப்ப பிளர் மறந்துட்டேன். அதுக்கு அந்தப் புள்ளைய ஏன்க்கா புடிக்கிறாங்க?"

ஒரு வாரத்தில் அந்த விஷயத்தில் யாராவது "என் தப்பு" என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஃபோல்டரில் அந்த எண்ணுள்ள கோப்பு இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, படம் தெரியாமல் வீடியோவைச் சுருக்கிவிட்டு, ஒலியை மட்டும் கேட்டேன். நாற்காலி இழுபடுகிற சத்தம். ஏசி. பிறகு மேலாளரின் குரல், கேமராவுக்குப் பின்னாலிருந்து:

"இது எதுக்கும் ஆகாது. லைவ்ல போடும்மா."

அவளுடைய குரல்: "சார், அதுல பேஷன்ட் பேரெல்லாம் வரும் சார். நம்பரும் வரும்."

"ரெண்டு நிமிஷம்மா. பிளர் பண்ணிக்கலாம். தம்பி, பண்ணிரலாம்ல?"

"பண்ணிரலாம் சார்."

"சார், வேணாம் சார். டெஸ்ட்லயே நான் நெறைய எண்ட்ரி போட்டு ஓட விடுறேன். செத்த நேரம் குடுங்க."

"டைம் இல்லம்மா. போடு."

தாள் புரளும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல். என் குரல்.

"ஸ்கிரிப்ட்ல வந்து..."

"மேடம், ஸ்கிரிப்ட நான் பாத்துக்குறேன்."

"சரி. காட்சி ஆறு, டேக் நாலு."

ஐந்து முறை கேட்டேன். ஆட்சேபித்தேன் என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபித்தவள் அவள். இரண்டு முறை. மாற்று வழியும் சொன்னாள். நான் சொன்னது பாதி வாக்கியம், அதையும் முடிக்காமல் சரி என்றேன். அதை மறுநாள் காலை ஆறு மணிக்கு, காப்பி குடித்துக்கொண்டே, "ஆட்சேபித்தேன்" என்று எழுதிவைத்திருக்கிறேன். இருபது வருட டைரியில் இப்படி எத்தனை "ஆட்சேபித்தேன்" இருக்கிறதோ. மேலாளர் மேல் வந்த கோபத்தை விடப் பெரிய கோபம் அப்போது வந்தது. அந்தப் பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, நடந்ததை அப்படியே கீழே எழுதி, தேதி போட்டேன்.

கிளிப்பை அப்படியே அனுப்பக் கூடாது. அனுப்பினால் அதே பெயர்கள் இன்னும் நாலு பேர் கைக்குப் போகும். ஒலியை மட்டும் தனியாகப் பிரித்தேன். ஐம்பத்தாறு வினாடி. யார் பேசுவது என்று வரிக்கு வரி எழுதினேன். என் வரியையும் சேர்த்து. அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"இதுல நீங்களும் மாட்டுவீங்கக்கா."

"மாட்டணும்டி."

திங்கட்கிழமை பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து மனிதவளத் துறைப் பெண்மணியும் தொழில்நுட்பத் தலைவரும் திரையில் வந்தார்கள். இந்தப் பக்கம் அவள், மேலாளர், அழைக்காமலே போய் உட்கார்ந்த நான். மேலாளர் என் ஐந்தாம் பக்கத்தை வாசித்தார். நிதானமாக, என் கட்டத்துக்குள் இருந்த வரியை, நிறுத்தற்குறியோடு. முடித்ததும் நான் ஒலியைப் போட்டேன்.

ஐம்பத்தாறு வினாடி ஓடியது. முடிந்ததும் மனிதவளத் துறைப் பெண்மணி, "இந்த ரெக்கார்டிங் அனுமதியோட எடுத்ததா?" என்று கேட்டார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "கம்பெனி வச்ச கேமரா மேடம். கம்பெனி கூப்பிட்ட ஆளு. கம்பெனி ஃபோல்டர்ல இருக்கு. பேஷன்ட் பேர எடுக்கும்போது யாரும் அனுமதி கேக்கல. இவரு குரலுக்கு மட்டும் கேக்குறீங்களா?"

தொழில்நுட்பத் தலைவர் தொண்டையைச் செருமினார். "லாக்ல பேரு எப்படி வருது?"

"ரெண்டு வருஷமா லிஸ்ட்ல இருக்கு சார். நான் போட்டது. ஒவ்வொரு தடவையும் தள்ளி வச்சது இந்த ரூம்ல இருக்குறவங்களும் அந்தப் பக்கம் இருக்குறவங்களும்தான்."

மேலாளர் வாயைத் திறந்தார். "அப்ப மேடமும் அங்கதான இருந்தாங்க..."

"இருந்தேன். சரின்னு சொன்னேன். அதையும் எழுதிக் குடுத்துருக்கேன், கடைசி வரி. எனக்கு என்ன குடுக்கணுமோ குடுங்க. வேணாம்னு சொன்ன ஒரே ஆள வீட்டுக்கு அனுப்பாதீங்க."

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "சார், அந்தப் பேஷன்ட்டுக்கு யாராச்சும் பேசுனீங்களா?"

திரையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

அன்று மாலை கடிதம் வந்தது. அவள் மேலான நடவடிக்கை கைவிடப்பட்டது. எனக்கும் மேலாளருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. அவர் இன்னும் எங்கள் மேலாளர்தான். அதே அறை. நோயாளிக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்றை நான் எழுதிக் கொடுத்தேன். "எங்கள் தவறு" என்ற சொல்லைச் சட்டப் பிரிவு எடுத்துவிட்டு, "ஏற்பட்ட அசௌகரியம்" என்று மாற்றி அனுப்பியது. அசௌகரியம். பஸ் தாமதமானால் சொல்கிற சொல்.

லாக்கில் பெயரை மறைக்கும் வேலையை அடுத்த நாள் அவளும் நானும் சேர்ந்து உட்கார்ந்து செய்தோம். யாரிடமும் தேதி கேட்கவில்லை. மாற்றியது பதினான்கு வரிகள். சோதித்து முடிக்க நாற்பது நிமிடம். இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டது நாற்பது நிமிட வேலையை. அந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் டைரியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அந்தப் புதன்கிழமை ஓடிய பெயர்களை அது திருப்பி எடுத்துவிடாது.

இரண்டு வாரம் கழித்து மேலாளர் மறுபடி என் மேசைக்கு வந்தார். ஒன்றும் நடக்காத மாதிரி முகம். வீடியோ திரும்ப வெளியிட வேண்டுமாம். ஆறாவது காட்சியை எடுத்துவிட்டு, மற்றதை அப்படியே வைத்து, ஸ்கிரிப்டைத் திருத்தித் தரச் சொன்னார்.

"முடிவு ரொம்ப நல்லா இருக்குன்னு சென்னையில சொன்னாங்க மேடம். அந்த 'யாருன்னு கேக்குறதில்ல' டயலாக். அத மட்டும் தொடாதீங்க."

அவள் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, அது என் குரல். அத எடுத்துருங்க. நான் சொன்னப்ப நெசம்னு நெனச்சேன்."

"ஏம்மா, நல்ல வரிம்மா அது," என்றார் மேலாளர்.

"நல்ல வரிதான் சார். இங்க நடக்கலயே."

நான் கோப்பைத் திறந்தேன். ஒன்பதாவது காட்சியின் வலது பத்தி முழுவதையும் நீக்கினேன். மாற்றங்களைக் குறிக்கிற அட்டவணையில் தேதி போட்டு எழுதினேன்: "காட்சி 9, குரல் நீக்கம். காரணம்: உண்மையல்ல." சேமித்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"அப்ப முடிவுல என்னதான் வரும்?"

"பஸ் வரும். அவ ஏறுவா. நிக்க எடம் தேடுவா. பத்து வினாடி."

"யோசிக்க வைக்கிற மாதிரி ஏதாச்சும் வேணுமே மேடம்."

"யோசிக்கிறது கேமராவுல தெரியாது சார்," என்றேன். பிரின்ட் எடுத்தேன். இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, அவரையும் ஒவ்வொரு பக்கத்திலும் போட வைத்தேன்.